இரண்டு பாதியும் அத்தையின் கையும்

எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினை நடந்தபோது தாத்தா பாட்டியின் போட்டோவையும் இரண்டாகக் கிழித்துப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள், சண்டையில் கிழித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சண்டையே இல்லை. நிதானமாக உட்கார்ந்து, நியாயம் பேசி, நடுவில் மடித்து, மடிப்பை நகத்தால் தேய்த்து, அப்புறம்தான் கிழித்திருக்கிறார்கள்.

அதற்கு ஒரு கணக்கு இருந்தது. தாத்தாவுக்குக் கொள்ளி வைத்தவர் மூத்த மகனான என் பெரியப்பா. பாட்டிக்குக் கொள்ளி வைத்தவர் கடைசி மகனான என் அப்பா. கொள்ளி வைத்தவர் வீட்டில்தான் வருஷத்துக்கு ஒருமுறை, ஒரே நாளில் படையல். படையலுக்குப் படம் வேண்டும். இருப்பதோ ஒரே படம். அதனால் தாத்தா நிற்கிற பக்கம் பெரியப்பாவுக்கு, பாட்டி நிற்கிற பக்கம் அப்பாவுக்கு. புளியமரத்தையே கிளை எண்ணிப் பிரித்துக்கொண்டவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை.

இருவருக்கும் நடுவில் பிறந்தவள் என் அத்தை. எங்கள் மலையான புதூர்நாட்டிலேயே பக்கத்துக் குக்கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு அவளும் அங்கே இருந்தாள். "எனக்கு?" என்று கேட்டாளாம். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கு ஏது என்று எல்லோரும் சிரித்தார்களாம். இதை அத்தை என்னிடம் சொன்னபோது அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஆலங்காயம் கடைத்தெருவில் எனக்கு ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. கல்யாணமாகிக் கீழே வந்த புதிதில் வேறொருவர் கடையில் பாஸ்போர்ட் படம் வெட்டிக்கொண்டிருந்தேன். இப்போது கடை என்னுடையது. பேனர் வடிவமைப்பேன், கல்யாண ஆல்பம் போடுவேன். ஆனால் என் கைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பழைய படம் சரிசெய்கிற வேலைதான். கரையான் தின்றது, தண்ணீரில் ஊறியது, முகமே இல்லாதது என்று வாணியம்பாடியிலிருந்துகூடக் கொண்டு வருவார்கள். தற்பெருமை என்று சொன்னாலும் சொல்லிக்கொள்ளுங்கள், இந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னைப்போல அதைச் செய்ய ஆளில்லை.

போன வருஷம் ஏதோ விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க அத்தை மலையிலிருந்து இறங்கி வந்தாள். படம் எடுத்து முடித்து, அது பிரிண்ட் ஆகி வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே நான் சரிசெய்த ஒரு பழைய தம்பதி படத்தை, பக்கத்திலேயே அதன் கிழிந்த நிலையையும் வைத்து மாட்டியிருந்தேன்.

"இத நீயா பண்ண?"

"நான்தான் அத்தை."

கிழிந்ததையும் சேர்ந்ததையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எங்கம்மாவயும் அப்பாவயும் இப்டி ஒண்ணாக் குடுப்பியா? எனக்குன்னு ஒரு படம் இல்லடி. அம்மா மொகம் தூரத்துல தெரியுது. கிட்ட வெச்சிப் பாக்கலாம்னா ஓடிப்பூடுது."

வாழ்க்கையில் அத்தை என்னிடம் கேட்ட முதல் பொருள் அது. படையலுக்கு முன்னால் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அப்பாவிடம் பாட்டியின் பாதியை வாங்குவதில் சிரமமில்லை. பழைய டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டு உறைக்குள் நாலாக மடித்து வைத்திருந்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடு. மேலெல்லாம் பூசணம் பிடித்துப் புள்ளி புள்ளியாக இருந்தது. நல்லவேளையாக முகத்தில் மடிப்பு விழவில்லை.

பெரியப்பாதான் மசியவில்லை. தாத்தாவின் பாதி அவர் வீட்டு அடுப்படிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. "அப்பாவ வூட்ட வுட்டு எறக்க மாட்டேன். நீ வேணா இங்க வந்து இன்னா பண்ணணுமோ பண்ணிக்க" என்று போனிலேயே சொல்லிவிட்டார். பெரியப்பாவும் நானும் ஒரே ரத்தம். பிடித்த முயலுக்கு மூன்றே கால். சரி, தாத்தா மலை இறங்காவிட்டால் ஸ்கேனர் மலை ஏறட்டும் என்று கிளம்பினேன்.

கண்ணாடி போட்ட பெரிய ஸ்கேனர் அது. உள்ளே விளக்கு ஓடுகிற தண்டு ஆடாமலிருக்க ஒரு பூட்டு இருக்கும். அதைப் பூட்டி, ஜமுக்காளத்தில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் போனேன். பக்கத்தில் அப்பா, கையில் பாட்டியின் பாதியோடு. ஒவ்வொரு வளைவிலும் நான் ஸ்கேனரை அணைத்துப் பிடித்தேன், அவர் உறையை அணைத்துப் பிடித்தார்.

பெரியப்பா வீட்டில் தாத்தாவைச் சுவரிலிருந்து இறக்கினார்கள். புகை படிந்து, படம் தேநீர்க் கறை நிறத்தில் இருந்தது. தாத்தாவின் வேட்டி எங்கே முடிகிறது, பின்னால் தொங்கும் திரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அண்ணி, அதாவது பெரியப்பா மருமகள், ஈரத்துணியோடு வந்தாள், "துடைச்சித் தரேன் இரு" என்று. நான் போட்ட அதட்டலில் அடுப்படியே அமைதியாகிவிட்டது. பழைய போட்டோவில் உருவம் இருப்பது மேலே ஒரு மெல்லிய ஏட்டில்தான். ஈரம் பட்டால் இளகி, துணியோடு வந்துவிடும். மெல்லிய தூரிகையால் தூசியை மட்டும் தட்டினேன்.

கறுப்பு வெள்ளைப் படத்தை ஏன் கலரில் ஸ்கேன் செய்கிறாய் என்று பெரியப்பாவின் மகனான அண்ணன் கேட்டான். படம்தான் கறுப்பு வெள்ளை, கறை கலராச்சே என்றேன். கலரில் எடுத்தால் கணினியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். மஞ்சள் கறை நீலத்தில் கரும்பூதமாகத் தெரியும், சிவப்பில் பாதிக்குமேல் காணாமல் போகும். ஸ்கேனர் தானாகச் செய்கிற அலங்காரம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பெரிய அளவில் எடுத்தேன். பாட்டியின் பாதியை நேராக ஒருமுறை, தலைகீழாகத் திருப்பி ஒருமுறை எடுத்தேன். மடிப்பின் நிழல் ஒருமுறை இந்தப் பக்கம் விழும், ஒருமுறை அந்தப் பக்கம் விழும். பிறகு இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் நிழலைக் குறைத்துவிடலாம்.

வேலை முடிந்ததும் இரண்டு பாதியையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அந்தப் படம் கிழிந்த நாளுக்குப் பிறகு அவை பக்கத்தில் இருந்தது அன்றைக்குத்தான். பெரியப்பா எட்டிப் பார்த்தார். அப்பா பார்த்தார். மடிப்பு நேராகத்தான் இருந்திருக்கிறது, ஆனால் கிழிசல் பாதியில் கோணிக்கொண்டு பாட்டியின் வலது கைமேல் இறங்கியிருந்தது. முழங்கைக்குக் கீழே கொஞ்சம் தாத்தா பக்கம், கொஞ்சம் பாட்டி பக்கம், நடுவில் பூச்சி அரித்து ஒன்றுமேயில்லை.

"நேராத்தாண்டா கிழிச்சேன்" என்றார் பெரியப்பா.

"அது தெரியும்ணா" என்றார் அப்பா.

அதற்குள் அண்ணன் மேசையைச் செல்போனில் படம் எடுத்து, ஏதோ செயலியில் போட்டு, ஒரே நிமிஷத்தில் குடும்ப வாட்ஸப் குழுவில் விட்டுவிட்டான். கிழிசல் இல்லை, கறை இல்லை, எல்லாம் பளிச். ஆளாளுக்கு இதயம் போட்டார்கள். தாத்தா எண்ணெய் விளம்பரத்துக்கு வந்தவர் போலிருந்தார். பாட்டி சிவந்துவிட்டாள். அத்தை தன் பேரனிடம் சொல்லிக் குரல் பதிவு ஒன்று அனுப்பினாள்: "எங்கப்பா பக்கத்துல யாரு அந்தப் பொம்பள?" நான் அதை மூன்றுமுறை போட்டுக் கேட்டேன். அவ்வளவு திருப்தி எனக்கு.

கடைக்குத் திரும்பியதும் வாரக்கணக்கில் உட்கார்ந்தேன். பகலில் வருகிற வாடிக்கையாளர் வேலைக்கு நடுவே, கிடைக்கிற அரைமணி, ஒருமணி. ஒரு பாதி வெளுத்தது, ஒரு பாதி கறுத்தது. இரண்டுக்கும் தனித்தனியாகக் கறுப்பு எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று சரிசெய்து, ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். இணைப்பதற்குத் துணை பின்திரைதான். அதில் ஓர் அரண்மனைப் படிக்கட்டு வரைந்திருந்தது. மலையில் தினை விதைத்தவர்கள் அரண்மனை முன்னால் செருப்பில்லாமல் நிற்கிறார்கள். படியின் கோடுகளை ஒன்றோடொன்று பொருத்தியதும் இருவரும் சரியான உயரத்தில் வந்து நின்றார்கள். அந்த நிமிஷத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்து கடைக்குள்ளேயே ஒரு சுற்று நடந்தேன்.

மடிப்புக் கோடுகளை விரல்நகம் அளவு இடமாகத்தான் மூடினேன். பக்கத்திலிருந்தே துணுக்கு எடுத்து, பக்கத்திலேயே வைத்து. புடவையின் மடிப்புக்குப் புடவை, திரைக்குத் திரை. தாத்தாவின் முகச்சுருக்கத்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. சுருக்கம் அவருடையது, கீறல்தான் காலத்தினுடையது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நன்றாகத்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் பாட்டியின் கைக்கு வந்தபோது பொறுமை போய்விட்டது. பூசணப் புள்ளிகள் ஆயிரம் இருந்தன. முகத்தில் ஒவ்வொன்றாக எடுத்தவள், கையில் மொத்தமாகத் தூசி நீக்கும் வசதியை ஓட்டிவிட்டேன். கை வழவழவென்று வந்தது. கிழிசல் இருந்த இடத்தை அந்த வழவழப்பை எடுத்தே நிரப்பினேன். எனக்கே என் வேலை அழகாக இருந்தது.

அத்தையை வரச்சொன்னேன். மறுநாளே வந்துவிட்டாள், ஒரு பை பலாக்கொட்டையோடு. வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலைக் கணினித் திரைக்கு முன்னால் போட்டு உட்காரவைத்து, படத்தைத் திறந்தேன்.

அத்தை கையை வாய்மேல் வைத்துக்கொண்டாள். "அப்பா" என்றாள். பிறகு பாட்டியின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். கண் நிறைந்தது. நான் மனசுக்குள் என் முதுகை நானே தட்டிக்கொண்டிருந்தேன். அவள் பார்வை கீழே இறங்கியது. புருவம் சுருங்கியது.

"மொகம் அம்மாதான். கை யாருது?"

"பாட்டி கைதான் அத்தை."

"இல்ல."

"கிழிஞ்ச இடம் அது. கஷ்டப்பட்டு ஒக்கார வெச்சிருக்கேன். நல்லாப் பாருங்க."

"நான் நல்லாத்தான் பாக்கறேன். நீ அந்தக் கைல சோறு துன்னதில்ல. எங்கம்மா கைல பச்ச குத்தியிருக்கும். அது எங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எத்தனை நாள் வேலை. கிழிந்த படத்தில் இல்லாததைக் கேட்டால் நான் எங்கே போவேன் என்று வாய்வரை வந்துவிட்டது. சொல்லாமல், நிரூபிப்பதற்காகத்தான் முதல் ஸ்கேனைத் திறந்தேன். அசலை மட்டும் எப்போதும் தொடமாட்டேன், நகலில்தான் வேலை. அந்த ஒரு நல்ல பழக்கம்தான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது.

பாட்டியின் கையைப் பெரிதாக்கினேன். பூசணப் புள்ளிகள் வெளிர் நிறம், ஓரம் பிசிறு, இஷ்டத்துக்குச் சிதறியிருந்தன. அவற்றுக்கு நடுவே வேறு மாதிரிப் புள்ளிகள். கொஞ்சம் கறுப்பாக, உருண்டையாக, ஒரே இடைவெளியில் நான்கு. தாத்தாவின் பாதியில் ஒட்டிக்கொண்டிருந்த கைத்துண்டில் இன்னும் இரண்டு. அவற்றைச் சுற்றிப் போகிற ஒரு கோட்டின் வளைவுகூட மங்கலாகத் தெரிந்தது. நான் துடைத்து எறிந்தது தூசியை மட்டுமல்ல. அண்ணனின் செயலி பாட்டியைச் சிவப்பாக்கியது என்று சிரித்தேனே, நான் அவள் பச்சையையே அழித்திருந்தேன்.

"தப்பு பண்ணிட்டேன் அத்தை" என்றேன். அத்தையிடம் அதைச் சொல்வதில் எனக்குக் கஷ்டம் இல்லை. என் கைக்கு அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"இருக்கறத திரும்பக் கொண்டாந்துடுவேன். ஆறு புள்ளி இருக்கு. ஆனா நடுவுல கிழிஞ்சதுல இன்னா இருந்துச்சின்னு தெரியல. தெரியாதத நான் வரைய மாட்டேன்."

"ஒம்போது" என்றாள் அத்தை.

"இன்னாது?"

"ஒம்போது புள்ளி. சுத்திப் பின்னல் கோடு. மணிக்கட்டாண்ட ஒரு தேளு."

சொல்லிக்கொண்டே வலது கை ரவிக்கையை முழங்கைக்கு மேல் ஏற்றினாள். சிறுவயதிலிருந்து பார்த்த கைதான். அது என்ன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"பச்ச குத்தறவ புளி ஒலுக்கற காலத்துல மலைக்கு வருவா. எனக்கு அப்போ பத்து வயசோ இன்னாவோ. பயந்து ஓடிட்டேன். அம்மா என்னப் புடிச்சி மடில ஒக்கார வெச்சிக்கினு, மொதல்ல எனக்குக் குத்து, அதே மாரி இவளுக்குக் குத்துன்னா. ஒவ்வொரு புள்ளியும் அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. அவ அழல, அதனால நானும் அழல."

நான் ஸ்கேனரின் மூடியைத் திறந்தேன். கண்ணாடியைத் துடைத்தேன்.

"கைய இதும்மேல வைங்க அத்தை. பச்ச கீழ பாக்கற மாரி. அழுத்தாதீங்க, ஆடாதீங்க."

வைத்தாள். மேலே கறுப்புத் துணி போட்டு மூடினேன். விளக்கு அவள் கைக்கு அடியில் மெதுவாக நகர்ந்து போனது. அதே அளவு, அதே அமைப்பு, மற்ற இரண்டு பாதிகளுக்கும் வைத்த அதே கலர். முடிந்ததும் கணினி பேர் கேட்டது. முதல் இரண்டு கோப்புகளுக்குப் பெரியப்பா என்றும் அப்பா என்றும் பேர் வைத்திருந்தேன். மூன்றாவதற்கு அத்தை என்று வைத்தேன். திரையில் அந்த மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள்.

அந்தக் கையை அப்படியே வெட்டி ஒட்டவில்லை. வயதான கையின் தோல் சுருங்கியிருந்தது, பாட்டியோ படத்தில் நடுவயதுக்காரி. பாட்டியின் கையை அசலிலிருந்து திரும்ப எடுத்து, இந்தமுறை பூசணத்தை ஒவ்வொன்றாக நீக்கினேன். இருந்த ஆறு புள்ளிகளும் அதனதன் இடத்தில் நின்றன. அத்தையின் பச்சையைத் தனியாகப் பிரித்து, சிறிதாக்கி, கையின் வளைவுக்கு வளைத்து, கண்ணாடித்தாள் போல மேலே வைத்தேன். ஆறும் ஆறும் பொருந்தின. அப்படிப் பொருந்தாமல் போயிருந்தால் விட்டிருப்பேன். பொருந்தியதால் மீதி மூன்று புள்ளிக்கும், கோட்டுக்கும், தேளுக்கும் இடம் எது என்று தெரிந்துவிட்டது. மற்ற புள்ளிகள் எவ்வளவு மங்கலோ அவ்வளவே மங்கலாக வைத்தேன். நான் சரிசெய்த படங்களிலேயே எது பெரிது என்று யாராவது கேட்டால், அந்த மூன்று புள்ளிகளைத்தான் சொல்வேன்.

படையல் அன்று வீட்டுக்கொன்றாகச் சட்டம் போட்ட மூன்று பிரதிகளோடு மலை ஏறினோம். அந்த வருஷம் முதல்முறையாகத் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் ஒரே இலை வரிசையில், பெரியப்பா வீட்டில் படைத்தார்கள். யாரும் அதைப் பேசி முடிவு செய்யவில்லை. படம் ஒன்றாக இருந்தது, அதனால் இலையும் ஒன்றாகப் போட்டார்கள். குழந்தைகள் அத்தையின் கையை இழுத்துப் படத்தின் பக்கத்தில் வைத்துப் புள்ளி எண்ணினார்கள். அவர்கள் எண்ணி முடிக்கிறவரை அத்தை கையை எடுக்கவில்லை. அவள் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சாப்பிட்டு முடித்ததும் பெரியப்பா உள்ளே போய்ப் பழைய தாத்தா பாதியை எடுத்து வந்தார். மலையை விட்டு இறங்கக்கூடாது என்று அவர் அடம்பிடித்த அதே பாதி. அத்தையின் மடியில் வைத்தார்.

"கொள்ளி வெச்சவங்களுக்குப் புதுப் படம் போதும். இது நீ வெச்சிக்க."

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். அப்பா சட்டைப்பையிலிருந்து ரேஷன் கார்டு உறையை எடுத்து, அதையும் அவள் மடியில் வைத்தார்.

அத்தை இரண்டையும் ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"ஒட்டித் தரியா?"

"ஒட்ட வேணாம் அத்தை. பசை படத்தத் தின்னுடும்."

"அப்போ வேணாம்" என்றாள். முந்தானையை விரித்து, கிழிந்த ஓரங்கள் ஒன்றையொன்று தொடும்படி இரண்டு பாதிகளையும் அதில் வைத்து, பச்சை குத்திய கையால் மூடிக்கொண்டாள்.